ஒன்பது ஆண்டுகளாக அம்மா எடுத்துக்கொள்ளும் அல்பிரசோலம் 0.5: எப்படிக் குறைக்கிறார்கள்?

காவிரிக்கரை | 9 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. திருச்சியில் என்னுடன்தான் இருக்கிறார். 2016 ஆம் ஆண்டு அப்பா இறந்தபோது இரண்டு வாரம் கண்ணை மூடாமல் கிடந்தார். அப்போது எங்கள் குடும்ப மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை இரவில் ஒன்று போடும்படி எழுதிக் கொடுத்தார். பத்து நாளுக்கென்று தொடங்கிய மாத்திரை இன்றுவரை நிற்கவில்லை. அளவையும் கூட்டவில்லை, ஒன்பது ஆண்டுகளாக ஒரே மாத்திரைதான்.

சென்ற மாதம் இரவு இரண்டரை மணிக்குக் குளியலறைக்கு எழுந்தவர் வாசற்படியில் தடுமாறி விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட எலும்பு மருத்துவர் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "முதலில் இந்தத் தூக்க மாத்திரையை நிறுத்துங்கள்" என்றார். நாங்களும் அன்றே நிறுத்தினோம். முதல் இரவு தூக்கமில்லை. இரண்டாம் இரவு கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. மூன்றாம் நாள் காலையில் நான் பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அழுதார். பயந்துபோய் அன்றிரவு மாத்திரையைத் திரும்பக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

இது பழைய தூக்கமின்மை திரும்பி வந்ததா, மாத்திரையை நிறுத்தியதால் வந்ததா? இதைப் பாதுகாப்பாக விட முடியுமா? அடுத்த வாரம் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்கு முன் என்ன கேட்க வேண்டும், எதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்வழி | 9 ஜூன் 2025

சகோதரி, திடீரென்று நிறுத்தியதுதான் தவறு. என் மாமியார் ஏழு ஆண்டுகள் இதே வகையைச் சேர்ந்த குளோனசெபாம் மாத்திரை போட்டவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஒரு மாதம், பிறகு வாரம் இரண்டு நாள் என்று ஒரு மாதம், அதன் பிறகு நிறுத்திவிட்டார். எந்தத் தொல்லையும் இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதற்கென்று மருத்துவருக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

தோழன்_மதுரை | 10 ஜூன் 2025

அம்மா இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார் என்பதை முதலில் குடும்பத்தினர் ஏற்றுக்கொள்ள வேண்டும். என் சித்தப்பாவைக் குடிப்பழக்கத்திலிருந்து மீட்டது ஒரு மறுவாழ்வு மையம்தான். வீட்டில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மாத்திரையை ஒளித்து வைத்து எடுப்பார்கள், கடைக்காரரிடம் பொய் சொல்லி வாங்குவார்கள். மையத்தில் சேர்ப்பதே நல்லது.

வைகறை | 10 ஜூன் 2025

நான் மனநல மருத்துவர். முதியோர் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு அளவு சொல்ல மாட்டேன். இந்தத் திட்டங்கள் பொதுவாக எப்படி வகுக்கப்படுகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தோழன் சொன்னது பற்றி. காவிரிக்கரையின் அம்மா ஒன்பது ஆண்டுகளில் ஒரு மாத்திரைகூட அதிகம் போட்டதில்லை, ஒளித்ததில்லை, தேடி அலைந்ததில்லை. அவருடைய மூளை அந்த மருந்து இருக்கும் நிலைக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். மருந்து நரம்புகளை அமைதிப்படுத்தும் வேலையைச் செய்து வந்ததால், மூளை தன் சொந்த அமைதிப்படுத்தும் ஏற்பாட்டின் கூர்மையைக் குறைத்துக்கொண்டது. மருந்தைச் சட்டென்று எடுத்தால் அந்த இடம் வெறுமையாகி, நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கின்றன. எழுதிக் கொடுத்த அளவை ஒழுங்காகப் போட்டவருக்கும் இது நேரும். இதைச் சார்பு என்போம். ஆசையினால் தேடி ஓடும் அடிமைத்தனம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, "நீ அடிமையாகிவிட்டாய்" என்று ஒரு 68 வயது அம்மாவிடம் சொன்னால், அவர் வெட்கப்பட்டு மருத்துவரிடமே உண்மையை மறைக்கத் தொடங்குவார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழைய தூக்கமின்மை திரும்பினால் அது மெதுவாக, பல நாட்களில், முன்பிருந்த அதே உருவத்தில் திரும்பும். மருந்து விலகலால் வருவது ஓரிரு நாட்களில் பாய்ந்து வரும். முன்பு இல்லாத புதியவற்றையும் கூட்டி வரும். கை நடுக்கமும், பாத்திரச் சத்தம் தாங்க முடியாததும் 2016 இல் இருந்தனவா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றால் அது விலகல்தான். மாத்திரையைக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் அடங்கியதும் அதையே காட்டுகிறது. நீங்கள் திரும்பக் கொடுத்தது சரியான செயல். திடீர் நிறுத்தத்தில் சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்குக் குழப்பமும் இல்லாதவை தோன்றுவதும் வரும்; அந்த நிலையில் இந்த இழையைப் பார்க்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

நேர்வழி அவர்களே, உங்கள் மாமியாருக்கு நன்றாக நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அவர் போட்டது குளோனசெபாம். அது இரத்தத்தில் பாதியாகக் குறைய 30 முதல் 40 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டாலும் அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. அல்பிரசோலம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம். முதியவர்களுக்கு 16 மணி நேரம் வரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால், இரண்டாம் இரவு ஒவ்வொன்றிலும் அந்த அம்மா ஒரு சின்ன திடீர் நிறுத்தத்தை அனுபவிப்பார். மறுநாள் மாத்திரை கிடைத்ததும் நிம்மதி வரும். "இந்த மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்ற பாடத்தை உடம்புக்கு இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்க வழியில்லை. அல்பிரசோலத்தில் ஒவ்வோர் இரவும் மருந்து உண்டு. ஒவ்வோர் இரவின் அளவுதான் குறைய வேண்டும்.

ஈரோடு_மருந்தகம் | 10 ஜூன் 2025

கடைக்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், அம்மா. ஒன்பது ஆண்டுகளாகச் சீட்டு யார் தந்தது? 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டையே காட்டிக் காட்டி வாங்கியிருந்தால், கடைக்காரர் ஒரு நாள் கொடுக்க மறுப்பார். அன்றைக்கே திடீர் நிறுத்தம் நேர்ந்துவிடும். குறைக்கும் காலம் முழுவதற்கும் எத்தனை மாத்திரை, எந்த அளவு வேண்டும் என்று மருத்துவர் கையால் சீட்டில் எழுதி வாங்குங்கள். 0.25 மாத்திரை கையிருப்பில் உண்டா என்று கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னொன்று, அட்டையில் மெதுவாகக் கரையும் வகை என்று போட்டிருந்தால் அதை வெட்டக் கூடாது.

பாலைப்பறவை | 11 ஜூன் 2025

இந்த இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. நான் பெங்களூரில் இரவுப் பணியில் இருக்கிறேன், வயது 34. இரண்டு ஆண்டுகளாக சோல்பிடெம் 10 மி.கி. போடுகிறேன். இது அல்பிரசோலம் வகை இல்லை, பழக்கமாகாது என்று சொன்னார்கள். சென்ற வாரம் காலையில் எழுந்து பார்த்தால் அடுப்படியில் இரண்டு முட்டை ஓடும் எண்ணெய்ச் சட்டியும் கிடந்தன. நான் தனியாகத்தான் இருக்கிறேன். சமைத்தது எனக்கு நினைவே இல்லை. இதற்கும் மாத்திரைக்கும் தொடர்பு உண்டா?

வைகறை | 11 ஜூன் 2025

உண்டு, இதைத் தள்ளிப் போடாதீர்கள். தூக்கத்தில் நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவதுகூட சோல்பிடெமில் நடந்திருக்கிறது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019 இல் இதற்கென்றே மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் அச்சிடச் சொன்னது. ஒருமுறை இப்படி நடந்தவர் அந்த மருந்தைத் தொடரக் கூடாது என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம். இரண்டு ஆண்டுகள் தினமும் போட்டிருப்பதால், எப்படி நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவரிடம் இன்றோ நாளையோ பேசுங்கள். அதுவரை வாயுக் குழாயை மூடிவிட்டு, வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். பழக்கமாகாது என்பதும் சரியன்று; மூளையில் அது ஒட்டிக்கொள்ளும் இடம் அல்பிரசோலம் ஒட்டிக்கொள்ளும் இடமேதான்.

தோழன்_மதுரை | 11 ஜூன் 2025

டாக்டர், அடிமை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் வீட்டிலேயே இதைச் செய்துவிட முடியும் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது.

வைகறை | 12 ஜூன் 2025

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2014 இல் வெளிவந்தது. கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 75. வீட்டில் இருந்தபடியே இந்த வகை மாத்திரைகளைப் பல ஆண்டுகளாகப் போட்டு வந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு, மாத்திரையின் ஆபத்தையும் ஏறத்தாழ ஐந்து மாதங்களில் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் சிறு கையேட்டைக் கொடுத்து, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேசும்படி சொன்னார்கள். ஆறு மாதத்தில் 27 விழுக்காட்டினர் முழுவதுமாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் 5 விழுக்காட்டினர். வீட்டில் முடியும் என்பதற்கு அது சான்று. முக்கால்வாசிப் பேரால் அந்த ஆறு மாதத்தில் முடியவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

முன்பு வலிப்பு வந்தவர்கள், மது அருந்துகிறவர்கள், மிக அதிக அளவு எடுப்பவர்கள் ஆகியோரை நான் வீட்டில் விட மாட்டேன். உள்நோயாளியாகச் சேர்த்துத்தான் தொடங்குவேன்.

நேர்வழி | 13 ஜூன் 2025

டாக்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இதற்கென்றே மருத்துவமனைப் பிரிவு நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், குறுகிய நேர மருந்தை நீண்ட நேரம் நிற்கும் டயஸெபாமுக்கு மாற்றிவிட்டுத்தான் குறைக்கச் சொன்னார். அவருடைய கணக்குப்படி அல்பிரசோலம் 0.5 என்பது டயஸெபாம் 10 மி.கி.க்குச் சமம். அப்படி மாற்றுவதுதானே சரி?

வைகறை | 13 ஜூன் 2025

பாதி சரி. அந்த முறை பலருக்குப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அந்தச் சம அளவுகள் தோராயமானவை. ஆளுக்கு ஆள் மாறும். டயஸெபாமும் அதிலிருந்து உடலில் உருவாகும் பொருளும் நாட்கணக்கில் தங்கும். முதியவர்களுக்கு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே விழுந்து எலும்பு முறிந்த ஒருவருக்கு 10 மி.கி.யில் தொடங்க நான் துணிய மாட்டேன். பகலிலும் தள்ளாடுவார். கடைசிக் கட்டத்தில், மிகச் சிறிய அளவுகளுக்கு வந்தபின் இந்த யோசனை மீண்டும் வரலாம்.

காவிரிக்கரை | 6 ஜூலை 2025

அனைவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்து வந்தோம். அவர் சொன்னதை எழுதுகிறேன். இதே வழியில் நிற்பவர்களுக்குப் பயன்படும்.

முதல் இரண்டு வாரம் அவர் அளவைத் தொடவே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், இடையில் எழுந்த தடவை, காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம் ஆகியவற்றை எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது: அம்மா எட்டரைக்கு மாத்திரையைப் போட்டு உடனே படுக்கிறார், ஐந்து மணிக்கு எழுகிறார். படுக்கையில் எட்டரை மணி நேரம். தூக்கம் சராசரியாக ஐந்து மணி நாற்பது நிமிடம். மதியத்தில் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறார். மாத்திரையோடு தூங்குவதே இவ்வளவுதான் என்றால், ஒன்பது ஆண்டுகளாக இதனால் என்ன கிடைத்தது என்று அம்மாவே கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பாதி பாரம் குறைந்தது.

பிறகு படுக்கும் நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினார். தூக்கம் கண்ணைக் கட்டினாலும் அதற்கு முன் படுக்கக் கூடாது. ஐந்துக்கு எழுந்துவிட வேண்டும். மதியத்தில் அரை மணிக்கு மேல் படுக்கக் கூடாது. இரவில் இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து கூடத்தில் உட்கார வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் போக்கும் மருந்து கலந்திருக்கிறது. அதை இரவில் போட்டு வந்தார். அந்த மருத்துவரிடம் பேசி அதைக் காலைக்கு மாற்றினோம். இரவில் மூன்று முறை எழுந்தவர் இப்போது ஒரு முறைதான் எழுகிறார். குளியலறை வழியில் ஒரு சிறு விளக்கும் போட்டாயிற்று.

குறைப்பதற்கு 0.25 மாத்திரைகள் தந்திருக்கிறார். 0.5 என்பது இதில் இரண்டு. ஒவ்வொரு படியிலும் கால் மாத்திரை, அதாவது 0.0625 மி.கி., குறைய வேண்டும்; ஒவ்வொரு படியும் மூன்று வாரம். ஜூலை 2 முதல் ஒன்றே முக்கால் மாத்திரையில் இருக்கிறோம். இரண்டு இரவு சற்றுத் தாமதமாகத் தூங்கினார், வேறொன்றும் இல்லை.

வைகறை | 7 ஜூலை 2025

மருத்துவர் நிதானமாகத்தான் போகிறார். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து 2025 இல் வெளியிட்ட வழிகாட்டி, தொடக்கத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குறைக்கலாம் என்கிறது. இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் முதல் படி 12.5 விழுக்காடு, மாத்திரையை அதைவிடச் சிறிதாக வெட்ட முடியாது என்பதால் அப்படி.

ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் வையுங்கள். கால் மாத்திரை என்பது எப்போதும் அதே கால் மாத்திரைதான். ஆனால் அது எடுக்கப்படும் மொத்தம் சுருங்கிக்கொண்டே போகும். இரண்டு மாத்திரையிலிருந்து கால் குறைப்பது எட்டில் ஒரு பங்கு. ஒரு மாத்திரையிலிருந்து கால் குறைப்பது நான்கில் ஒரு பங்கு. அரையிலிருந்து கால் குறைப்பது சரிபாதி. பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம், இனி எளிது என்று எல்லாரும் நினைக்கும் இடத்தில்தான் படிகள் உயரமாகின்றன. கடைசி அரை மாத்திரைக்கு அதற்கு முந்தைய ஒன்றரை மாத்திரைக்கு ஆன காலம் ஆனாலும் வியப்பில்லை. அட்டவணையில் தேதி போட்டிருந்தாலும், அடுத்த படிக்கு இறங்குவது உடம்பு அடங்கிய பிறகுதான். சிரமமாக இருந்தால் அதே படியில் நிற்கலாம். முடிந்தவரை மேலே ஏறாமல் நிற்பது நல்லது.

காவிரிக்கரை | 31 ஆகஸ்ட் 2025

ஒன்றரை மாத்திரை வரை நன்றாகப் போயிற்று. ஆகஸ்ட் 13 அன்று ஒன்றேகாலுக்கு இறங்கியதும் நான்காம் நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே எரிச்சல், வியர்வை, காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. தூக்கம் நான்கு மணி நேரத்துக்கு இறங்கியது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மேலே ஏற வேண்டாம், இறங்கவும் வேண்டாம், இங்கேயே ஐந்து வாரம் நில்லுங்கள் என்றார்.

அத்துடன் மாத்திரையை எப்படி வெட்டுகிறீர்கள் என்றும் கேட்டார். நான் காய் நறுக்கும் கத்தியால் வெட்டி வந்தேன். கால் துண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, மிச்சம் தட்டில் வெள்ளைப் பொடி. ஓர் இரவு கால் மாத்திரைக்குக் கூடுதலாகவும் மறு இரவு அதில் பாதியும் கொடுத்திருக்கிறேன் போலும். இப்போது மாத்திரை வெட்டும் டப்பா வாங்கிவிட்டேன். வெட்டிய துண்டுகளை அன்றன்றைக்கே பயன்படுத்துகிறேன்.

ஈரோடு_மருந்தகம் | 1 செப்டம்பர் 2025

டப்பாவிலும் கால் துண்டு துல்லியமாக வராது, அம்மா. ஒரு மாத்திரையை நான்காக வெட்டினால் அந்த நான்கையும் அடுத்தடுத்த நான்கு இரவுகளில் தீர்த்துவிடுங்கள். சிறிதும் பெரிதும் அதற்குள் ஈடாகிவிடும். நசுக்கித் தண்ணீரில் கலக்கிப் பங்கிடச் சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். அல்பிரசோலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. அடியில் தங்கியது எவ்வளவு, மேலே வந்தது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

காவிரிக்கரை | 12 அக்டோபர் 2025

ஒரு குழப்பம். செப்டம்பர் 17 அன்று ஒரு மாத்திரைக்கு, அதாவது 0.25க்கு, இறங்கினோம். மூன்று வாரம் அருமையாக இருந்தார். ஆனால் நான்கு நாட்களாகப் பகலெல்லாம் தூங்கி விழுகிறார், நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. அளவைப் பாதியாகக் குறைத்த பிறகு மயக்கம் எப்படிக் கூடும்? பக்கவாதமோ என்று பயந்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம்; தலையை ஸ்கேன் செய்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஈரோடு_மருந்தகம் | 12 அக்டோபர் 2025

ஸ்கேன் எடுத்தது நல்லது. அம்மாவுக்குப் புதிதாக வேறு மாத்திரை ஏதும் சேர்ந்ததா? காய்ச்சல், தோல், பல், எதுவானாலும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை | 12 அக்டோபர் 2025

இடுப்பில் படர்தாமரை வந்து, சென்ற திங்கள்கிழமை தோல் மருத்துவர் இட்ராகோனசோல் கொடுத்தார். தோலுக்கான மாத்திரைதானே என்று நினைத்து நான் தூக்க மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஈரோடு_மருந்தகம் | 12 அக்டோபர் 2025

அதுதான் காரணம். அல்பிரசோலத்தைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றும் வழியை இட்ராகோனசோல் அடைத்துவிடும். நீங்கள் கொடுப்பது ஒரு மாத்திரை. உடம்பில் நிற்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரண்டு மருத்துவர்களையும் இன்றே அழைத்துச் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வைகறை | 12 அக்டோபர் 2025

மருந்தகத்தார் சரியாகப் பிடித்தார். நான் ஒன்று சேர்க்கிறேன். இட்ராகோனசோலை நிறுத்தியதும் அடைபட்ட வழி சில நாட்களில் திறக்கும். உயர்ந்திருந்த அல்பிரசோலம் தானாகவே இறங்கும். அம்மாவின் உடம்புக்கு அது நாம் திட்டமிடாத ஒரு பெரிய குறைப்பு. ஆகவே அடுத்த சில வாரங்களுக்கு அளவில் கை வைக்காமல் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் இதையே செய்யும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக அல்பிரசோலத்தை விரைந்து வெளியேற்றிவிடும். குறைக்கும் காலத்தில் யார் எந்தச் சீட்டு எழுதினாலும், அம்மா போடும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

பாலைப்பறவை | 20 அக்டோபர் 2025

என் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைப் பார்த்து ஜூன் மாதத்திலேயே நிறுத்திவிட்டேன். முதல் பத்து நாள் கொடுமை. இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறேன். இரவுப் பணி தொடரும்வரை இவ்வளவுதான் என்றார். அடுப்படியில் அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை.

காவிரிக்கரை | 18 ஜனவரி 2026

நீண்ட நாட்களாக எழுதவில்லை. தோல் மருத்துவர் மாத்திரையை டெர்பினாஃபினுக்கு மாற்றினார். மயக்கம் ஒரு வாரத்தில் தெளிந்தது. அக்டோபர் 29 அன்று முக்கால் மாத்திரை, டிசம்பர் 3 அன்று அரை. இப்போது ஆறரை வாரமாக அரையிலேயே, 0.125 மி.கி.யில், நிற்கிறோம். இடையில் ஒருமுறை, டிசம்பர் இறுதியில், கால் மாத்திரைக்கு இறங்கிப் பார்த்தோம். மூன்றாம் இரவே பழைய நடுக்கம் வந்துவிட்டது. மருத்துவரைக் கேட்டு அரைக்கே திரும்பினோம். சரிபாதி என்று டாக்டர் வைகறை அன்றே சொன்னது அப்போதுதான் உறைத்தது.

மருத்துவர் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, டயஸெபாம் 2 மி.கி.க்கு மாற்றி, அதை அரையாக வெட்டி மெதுவாக முடிப்பது. இன்னொன்று, இந்த அரையிலேயே இன்னும் இரண்டு மாதம் நின்று மீண்டும் முயல்வது. அம்மாவுக்குப் புது மாத்திரை என்றாலே பயம். "எட்டில் ஏழு மாடி இறங்கிவிட்டேன், கடைசி மாடியில் குடியிருந்துவிட்டுப் போகிறேனே" என்கிறார்.

நேர்வழி | 18 ஜனவரி 2026

இரண்டிலிருந்து அரை என்றால் முக்கால் பங்குதான் இறங்கியிருக்கிறார், சகோதரி, எட்டில் ஏழு இல்லை. அதைப் போய் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். டயஸெபாமை நான் ஜூனிலேயே சொன்னேன். அப்போது அது தவறான நேரம் என்று இப்போது புரிகிறது. 0.125க்கு ஈடானது ஏறத்தாழ 2.5 மி.கி. என்பதால், 2 மி.கி. மாத்திரை இந்த இடத்தில் பொருந்துகிறது.

தோழன்_மதுரை | 19 ஜனவரி 2026

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அரை மாத்திரையோடு வாழ்ந்தால் என்ன? 69 வயதை நெருங்குகிறவரை இன்னும் வருத்த வேண்டுமா?

வைகறை | 19 ஜனவரி 2026

இந்தக் கேள்வியில் என்னோடு பணியாற்றுகிறவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. அளவு முக்கால் பங்கு குறைந்தாலே விழும் ஆபத்து குறையும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். நான் மறு பக்கம். அந்த அரை மாத்திரை தூக்கத்துக்கு இனி ஒன்றும் செய்வதில்லை. விலகலைத் தள்ளிப் போடுவதை மட்டுமே செய்கிறது. நாளை ஒரு மருத்துவமனைச் சேர்க்கையில் யாரேனும் அதைத் தவறவிட்டால் நடுக்கம் மீண்டும் வரும். துக்கமோ வலியோ வந்தால் அரை எளிதாக ஒன்றாகிவிடும். ஆனால் இறங்குவது அந்த அம்மா. அவர் ஒப்பாமல் டயஸெபாமைத் தொடங்கினால் முதல் மோசமான இரவிலேயே பழைய அட்டையைத் தேடுவார்.

ஒன்று கேட்கிறேன். நோட்டுப் புத்தகம் இன்னும் எழுதுகிறாரா? இப்போது எத்தனை மணி நேரம் தூங்குகிறார்?

காவிரிக்கரை | 20 ஜனவரி 2026

எழுதுகிறார். சென்ற இரு வாரங்களின் சராசரி ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடம். ஜூனில் முழு அளவில் இருந்ததைவிடக் கால் மணி நேரம் கூடுதல். ஜூன் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் அருகருகே விரித்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில், "அந்தப் புது மாத்திரை பகலில் தூக்கம் வர வைக்குமா என்று அடுத்த முறை நானே டாக்டரிடம் கேட்கிறேன்" என்றார். பிப்ரவரி 4 அன்று நேரம் கொடுத்திருக்கிறார்கள்.